ஒழுகும் வீட்டை விற்பதா, ஒழுகாத வீட்டை விற்பதா?

கேள்வி: சார், எனக்கு மூன்று வாடகை வீடு இருக்கு. களியக்காவிளையில் மாடி வீடு 6,500 ரூபாய்க்கு 2018 முதல் ஒரே குடும்பம் இருக்கு. பக்கத்தில் எல்லாம் 8,500 போகுது. குழித்துறை வீடு 7,000, ஆனா கூரை ஒழுகுது, வருஷத்தில் நாலு மாசம் காலி. பாறசாலையில் 8 சென்டில் பழைய ஓட்டு வீடு 5,000. அப்பா 1998-ல் 2 லட்சத்துக்கு வாங்கினது, வருஷம் 60,000 வருது, அதுதான் நல்ல சொத்து. குழித்துறை வீட்டை விற்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். அது தலைவலி தருகிற வீடு, அவ்வளவுதான். பலவீனமான வீடு வேறு. ஒரு எக்செல் தாளில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு வரிசை. B-யில் மாத வாடகை, C-யில் ஆள் குடியிருந்த மாதங்கள், D-யில் வரி, E-யில் பழுதுச் செலவு, F-இல் இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலை. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. G-யில் சதவீத வடிவில் இந்தச் சூத்திரம்; செலவு போக நிற்கும் வாடகை, இன்றைய விலையில் எத்தனை சதவீதம் என்று காட்டும்.

```
=(B2*C2-D2-E2)/F2
```

F-இல் அப்பா கொடுத்த 2 லட்சத்தைப் போடாதீர்கள். அந்தப் பணம் இன்று உங்கள் கையில் இல்லை. இருப்பது 8 சென்ட் நிலம். புரோக்கர் சொல்லும் விலையையும் விட்டுவிடுங்கள். அந்த வட்டாரத்தில் சமீபத்தில் உண்மையாகக் கைமாறிய இரண்டு மனைகளின் விலையை விசாரித்துப் போடுங்கள். வரி, பழுது, விலை மூன்றும் நீங்கள் எழுதவில்லை என்பதால் நான் ஒரு மதிப்பு வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு மறுபடி பாருங்கள்.

மாடி வீடு: 78,000 வரவில் 6,000 செலவு போக 72,000. விலை 24 லட்சம் என்றால் 3 சதவீதம். குழித்துறை: எட்டு மாதத்துக்கு 56,000, செலவு 16,000 போக 40,000. விலை 20 லட்சம், 2 சதவீதம். பாறசாலை: 60,000-இல் 12,000 போக 48,000. சென்ட் 5 லட்சம் வைத்தால் விலை 40 லட்சம். ஆக 1.2 சதவீதம்தான்.

இப்போது ஒவ்வொன்றாக எடுப்போம். குழித்துறை வீடு எந்த மாதங்களில் காலி என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் ஆள் காலி செய்து, ஐப்பசியில் பெய்யும் துலா மழை முடிந்தபின் புது ஆள் வருகிறார் என்றால் குறை கூரையில்தான், இடத்தில் இல்லை. வெயில் காலத்திலும் காலி கிடந்தால் கூரைக்குச் செலவழிப்பது வீண். மழைதான் காரணம் என்று வைத்துக்கொண்டு, கூரைக்கும் குளியலறைக்கும் 1,20,000 செலவிட்டால், 7,500 வாடகையில் 11 மாதம், செலவு 7,000 போக 75,500 நிற்கும். வருஷம் 35,500 கூடுகிறது; போட்ட பணம் மூன்றரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். வேலையை மார்ச், ஏப்ரலில் முடித்துவிடுங்கள். டைல்ஸ், மாடுலர் கிச்சன் என்று இழுத்துவிடுவார்கள், அதற்கு அந்தத் தெருவில் வாடகை கூடாது.

மாடி வீட்டில் ஒரேயடியாக 2,000 ஏற்ற வேண்டாம். ஏற்றினால் வருஷம் 24,000 கூடும், சரி. அவர்கள் போய்விட்டால்? இரண்டு மாதம் காலி 17,000, பெயின்ட் 15,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 8,500. மொத்தம் 40,500 போகும். இந்த வருஷம் 1,000, அடுத்த வருஷம் 1,000 என்று முன்கூட்டியே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பாறசாலை. வாடகையை 6,500 ஆக்கினாலும் 1.65 சதவீதம்தான். ஓடு மாற்றினாலும் பெரிதாக ஏறாது, ஏனென்றால் விலை முழுக்க நிலத்தில் இருக்கிறது, வாடகையோ அந்தச் சின்ன வீட்டுக்கு. விற்கலாம் என்று நான் சொல்வது இதைத்தான்.

விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. 2001-க்கு முன் வாங்கியது என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அது 4 லட்சம் என்றால் லாபம் 36 லட்சம். 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து வரி சுமார் 4.7 லட்சம். பணவீக்கம் கழித்து 20 சதவீதம் கட்டும் வழியும் உங்களுக்கு உண்டு. ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி 35.3 லட்சத்தை 6.5 சதவீத வைப்பில் போட்டால் வருஷம் 2.3 லட்சம் அளவுக்கு வரும். இப்போது வருவது 48,000.

நிலத்தின் விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். வாடகை 1.2 போக, அந்த 6.5-ஐ ஈடுகட்ட வருஷம் 5 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். கடந்த ஐந்து வருஷத்தில் அந்தப் பக்கம் அப்படி ஏறியதா என்று கேளுங்கள். நிச்சயமாக ஏறியது, இனியும் ஏறும் என்று காரணம் காட்ட முடிந்தால் வைத்திருங்கள்.

பாறசாலை கேரளத்தில் இருக்கிறது; அங்கே விற்பதென்றால் வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2 என்று பத்து சதவீதம் ஆகும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். 40 லட்சம் கேட்டால் 38-இல் நிற்கலாம். தாளில் அந்த எண்ணையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், அப்பா காலத்துக்குப் பின் போக்குவரவு, அதாவது வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம், செய்து நில வரிக்கான கரம் ரசீது உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, கூடப்பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டா என்று வில்லேஜ் ஆபீஸில் பாருங்கள். அது முடியாமல் யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.