சாடியில் வைத்த புதினா மெலிந்து குச்சி குச்சியாகிறது, என்ன செய்யலாம்?

"இரண்டு வருசமாக ஒரே சாடி. தண்டு விறகு மாதிரி, நுனியில் மட்டும் நாலு இலை. உரம் போட்டும் சரிவரவில்லை. இடம் திருகோணமலை."

உரத்தை நிறுத்துங்கள், கோளாறு வேரில்தான். புதினா மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுப் பரவுகிற செடி. சாடிச் சுவரில் முட்டியதும் அதையே சுற்றிச் சுற்றி ஓடும், நடுவில் பழைய வேர் இறுகிக் கட்டியாகிவிடும், ஊற்றுகிற தண்ணீர் அந்தக் கட்டிக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். ஊற்றிய உடனே அடித்துளையால் ஓடினால் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்டுகளை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டுங்கள். அப்புறம் சாடியைக் கவிழ்த்துத் தட்டி, கட்டியைக் கத்தியால் நாலாகப் பிளந்து, கபிலமாக இறுகிய நடுப்பகுதியை எறிந்துவிடுங்கள். ஓரத்தில் வெள்ளையாக, கணுவோடு இருக்கிற இளம் ஓடுதண்டுகள்தான் வேண்டும். விரல் நீளத்துக்கு ஏழெட்டுத் துண்டு போதும். புது மண், மக்கிய சாணம், தும்புத்தூள் கலந்து, துண்டுகளைப் படுக்கையாக வைத்து ஓர் அங்குலம் மூடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் செய்தால் நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்க்க வேண்டும், நான் ஒருமுறை வெயிலில் வைத்து முழுவதையும் இழந்தேன். ஐப்பசி மழைக்குச் சற்று முன் செய்வது சுகம். துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும்.