மிச்சமானதை நாளைக்குத் தள்ளும் தினப்படிக் கணக்கு

கேள்வி: மாதச் சம்பளம் 22,000. இருபதாம் தேதிக்குள் கை காலி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பிரித்துச் செலவு செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஒரு நாள் மிச்சமானால் அதை மறுநாளோடு சேர்க்கணுமா, இல்லை மீதி நாட்களுக்குப் பங்கு போடணுமா? ஊர் ராமேஸ்வரம் பக்கம்.

பதில்: மறுநாளோடு அப்படியே சேருங்கள். பெரிய அடி ஏதாவது விழுந்தால் மட்டும் மீதி நாட்களுக்குப் பங்கு போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். நான் தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வருமானமும் ஏறக்குறைய உங்களுடையதுதான், அதனால் எங்கள் வீட்டுக் கணக்கையே வைத்துப் பேசலாம்.

முதலில், 22,000-ஐ முப்பதால் வகுக்காதீர்கள். வாடகை, சீட்டு, மளிகை, பால், பள்ளி வேன் எல்லாம் தேதி வைத்துப் போகிற பணம். அவற்றைச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். இதில் பலர் விட்டுவிடுவது கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் வராத மாதத்தில் அந்தப் பணம் மிச்சம் மாதிரித் தெரியும். 800 ரூபாய் வருமென்றால் மாதம் 400 எடுத்து வையுங்கள். சிலிண்டரும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இவையெல்லாம் சேர்த்து 15,000 போய்விடுகிறது. மருந்து, மொய் என்று 800. மீதி 6,200. தினப்படியாகப் பிரிக்க வேண்டியது இந்த 6,200-ஐ மட்டும்தான். மீன், காய், டீ, பஸ், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் எல்லாம் இதற்குள்.

எந்த மாதமானாலும் 31-ஆல் வகுத்துவிடுங்கள். 6,200-க்கு ஒரு நாளைக்கு 200 வரும். முப்பது நாள் மாதத்தில் கடைசியில் 200 மிஞ்சும், பிப்ரவரியில் 600. மாதம் என்பது ஒன்றாம் தேதியில் தொடங்க வேண்டியதில்லை. சம்பளம் ஏழாம் தேதி வருகிறதென்றால் ஏழிலிருந்து அடுத்த ஆறு வரை உங்கள் மாதம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம் ஊரில் செலவு ஒரே சீராக இருக்காது, அதற்குக் காரணம் மீன். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருகின்றன. அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் மீன் தாராளமாகக் கிடைக்கும், வீட்டிலும் அன்றைக்குத்தான் சட்டி நிறையும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன்தான். கூடைக்காரம்மா "இது இப்ப வந்தது தம்பி, விடியக்காலம் வலையில இருந்தது" என்று விலையை ஏற்றித்தான் சொல்வார். அன்றைக்குச் சாம்பார், ரசம், இருந்தால் கருவாடு. ஆகவே ஒரு நாள் 90 ரூபாயில் முடியும், ஒரு நாள் 340 ஆகும். தினமும் 200-க்குள் அடங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் செவ்வாய்க்கிழமையே அது உடைந்துவிடும். 200 என்பது அந்த நாளின் உச்சவரம்பு இல்லை. தினமும் காலையில் கணக்கில் வந்து விழுகிற தொகை, அவ்வளவுதான்.

ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது, அன்றைக்கு ஏதோ விசேஷம், சாப்பாடு சொந்தக்காரர் வீட்டில். செலவு 130, மிச்சம் 70. திங்கள் காலையில் 200 சேர்ந்து 270. செலவு 90, மிச்சம் 180. செவ்வாய் கையில் 380 இருக்கிறது. விளைமீன் ஒரு கிலோ, கூடவே காய், பஸ் எல்லாமாக 340. மிச்சம் 40. புதன் 240-இல் பிள்ளைக்கு நோட்டு வாங்கியதில் 260 ஆகிவிட்டது, 20 குறைகிறது. அதை அப்படியே மைனஸ் 20 என்று எழுதுங்கள். வியாழன் 180-இல் தொடங்கும். அன்று மலிவாகச் சூடை வாங்கி 120-இல் முடித்தால் மிச்சம் 60. வெள்ளி 80 செலவு, மிச்சம் 180. சனி 380-இல் 350. வாரக் கடைசியில் மிச்சம் 30. செலவு ஏழு நாளில் 1,370, கணக்கில் விழுந்தது 1,400. செவ்வாயும் புதனும் சனியும் 200-ஐத் தாண்டியும் வாரம் உடையவில்லை.

இதையே மீதி நாட்களுக்குப் பங்கு போட்டால் என்ன ஆகும்? ஞாயிறு மிஞ்சிய 70 முப்பது நாளுக்குப் பரவி, திங்கட்கிழமை உங்கள் தொகை 202 ஆகும். செவ்வாய் 206. மீன் வாங்கும் நாளில் கையில் 206-தான் இருப்பதாகக் கணக்குச் சொல்லும். நீங்கள் 340-க்கு வாங்குவீர்கள். அடுத்த நாள் தொகை 201. அதாவது 134 ரூபாய் தாண்டியதற்குத் தண்டனை வெறும் ஐந்து ரூபாய்! இதுதான் இந்த முறையின் கோளாறு. மாதத் தொடக்கத்தில் எவ்வளவு தாண்டினாலும் உறைக்காது. கடைசி வாரத்தில் அதே 134 தாண்டினால் மீதி நாலைந்து நாளும் நாளுக்கு ஏறக்குறைய முப்பது ரூபாய் சரியும். இருபதாம் தேதிக்குள் கை காலியாகிறவருக்கு முதல் பத்து நாளிலேயே உறைக்க வேண்டும். நேராகத் தள்ளும் முறையில் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

பங்கு போடும் முறைக்கும் ஓர் இடம் இருக்கிறது. மாதத்தின் 13-ஆம் நாள் காலையில் கையிருப்பு 290 என்று வையுங்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், சாப்பாடு, கோவில், ஆட்டோ என்று 1,010 போய்விட்டது. இப்போது மைனஸ் 720. இதை நேராகத் தள்ளினால் அடுத்த மூன்று நாளும் கணக்கு மைனஸிலேயே நிற்கும். நான்காம் நாள் காலையில்தான் 80 ரூபாய் தலைகாட்டும். மூன்று நாள் பைசா செலவில்லாமல் யாரும் வீடு நடத்த முடியாது. இரண்டாம் நாளே நோட்டை மூடி வைத்துவிடுவீர்கள். எனவே மீதி 18 நாளுக்கு வர வேண்டிய 3,600-இலிருந்து 720-ஐக் கழித்து, 2,880-ஐ 18-ஆல் வகுங்கள். 160 வருகிறது. மைனஸைச் சுழியமாக்கிவிட்டு மறுநாளிலிருந்து 160 என்று தொடங்குங்கள். நான் வைத்திருக்கும் அளவு இது: குறைவு மூன்று நாள் தொகைக்குள், அதாவது 600-க்குள் இருந்தால் நேராகத் தள்ளுவது, தாண்டினால் பங்கு போடுவது. மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் பங்கு போட நேர்ந்தால் 200 என்ற தொகையே தப்பு என்று அர்த்தம். எடுத்து வைத்த 15,000-இல் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எழுதுவதற்கு நாற்பது பக்க நோட்டே போதும். போனில் ஷீட் வைத்துக் கொள்வதென்றால் A-இல் தேதி, B-இல் அன்றைய தொகை, C-இல் செலவு, D-இல் மிச்சம். இரண்டே சூத்திரம்தான், இரண்டாவதைக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
D2: =B2-C2
D3: =D2+B3-C3
```

இதில் ஒரு விஷயம் முக்கியம். கடையில் பற்று வைத்து வாங்கினால், வாங்கிய நாளில் எழுதுங்கள், பணம் கொடுத்த நாளில் வேண்டாம். இல்லாவிட்டால் மிச்சம் நன்றாக ஏறிக்கொண்டே போகும், சனிக்கிழமை பற்று நோட்டை நீட்டும்போது மொத்தமாக இறங்கும்.

வாரத்துக்கு ஒரு முறை பர்ஸையும் பேங்க் இருப்பையும் எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன வாரத்தின் முடிவில் மீதி 24 நாளுக்கு 4,800, மிச்சம் 30, ஆக 4,830 இருக்க வேண்டும். 4,760 இருந்தால் எழுதாமல் விட்டது 70. யோசித்து மண்டையை உடைக்க வேண்டாம், பெரும்பாலும் டீயும் ஜிபேயில் போன சில்லறையும்தான். "மறந்தது 70" என்று ஒரு வரி எழுதிக் கழித்துவிடுங்கள். வாரா வாரம் அந்த வரி 200-ஐத் தொட்டால் நோட்டில் இருக்கும் மிச்சத்தை நம்பி மீன் வாங்கப் போகாதீர்கள். தினப்படிப் பணம் சம்பளக் கணக்கிலேயே கலந்து கிடந்தால் இந்தச் சரிபார்ப்பு கஷ்டம். இன்னொரு பேங்க் கணக்கு இருந்தால் 6,200-ஐ அதற்கு மாற்றிவிட்டு ஜிபேயை அதோடு இணைத்துக் கொள்ளுங்கள்.

மிச்சம் ஏறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இருபதாம் தேதி மிச்சம் 1,300 என்று நிற்கும்போது ராமநாதபுரம் பஸ் ஏறி ஜவுளிக்கடைக்குப் போகத் தோன்றும். எங்கள் வீட்டில் மிச்சம் 800-ஐத் தாண்டினால் தாண்டியதை அன்றே வெளியே எடுத்துவிடுகிறோம். 800 வைத்தது ஏனென்றால் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு திடீர் விருந்தாளிக்கும் அது போதும். எடுத்த பணம் தடைக்கால டப்பாவுக்குப் போகிறது.

அது என்ன டப்பா என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சம்பளக்காரர்களான நமக்கு வருமானம் நிற்காது, ஆனால் மீன் விலை ஏறும், அந்த இரண்டு மாதமும் 200 இழுக்காது. ஒரு நாளைக்கு 30 ரூபாய் கூடுதலாக வேண்டுமென்றால் 61 நாளுக்கு 1,830. முப்பது நாள் மாதங்களில் மிஞ்சும் 200, பிப்ரவரியின் 600, 800-க்கு மேல் எடுத்தது, எல்லாம் சேர்ந்தால் அது வந்துவிடும். தடைக்காலத்தில் B பத்தியில் 230 என்று போட்டுக் கொள்ளலாம். உங்கள் வீட்டில் படகுக்குப் போகிறவர் யாராவது இருந்து பங்குப் பணமும் வருகிறதென்றால் அதை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். அது பாட்டுக்கு நாளுக்கு ஒரு மாதிரி வரும், ஸ்டிரைக் என்றால் வராது. தினப்படி முழுக்கச் சம்பளத்திலிருந்தே வரட்டும்.

மாதக் கடைசியில் மிச்சம் மைனஸில் முடிந்தால் புது மாதத்தைச் சுழியத்திலிருந்து தொடங்காதீர்கள். மைனஸ் 150 என்றால் முதல் நாள் 50-இல் தொடங்கும். சம்பளம் வந்த அன்றைக்கு அது கசக்கத்தான் செய்யும்.