பன்னிரண்டில் பற்றாக்குறை எது?

வணக்கம் ஐயா,

அண்ணா நகரில் போட்டித் தேர்வு மாணவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். n!-ஐப் பத்தடிமானத்தில் எழுதினால் கடைசியில் எத்தனை பூஜ்யம் என்பதற்கு ஐந்துகளை எண்ணச் சொல்வோம். பன்னிரண்டு அடிமானத்துக்கு, 12-இன் பெரிய பகாக் காரணி 3 என்பதால் மூன்றுகளை எண்ணினேன். 100!-க்கு 48 என்று சரியாக வந்தது. 1000!-க்கு எனக்கு 498, கணினி 497 என்கிறது. எங்கே தவறு?
- சு., சென்னை

அன்புள்ள சு.,

100-இல் விடை சரியாக வந்தது தற்செயல். பத்தில் ஒரு 2-ம் ஒரு 5-ம் போதும். ஐந்துகள் எப்போதும் குறைவு, அவற்றை மட்டும் எண்ணினால் தீர்ந்தது. பன்னிரண்டுக்கோ ஒரு 3-உடன் இரண்டு 2 வேண்டும். n!-இல் 2 ஏறத்தாழ n முறையும், 3 அதில் பாதி முறையும் வரும். இரண்டுகளை ஜோடி சேர்த்ததும் அதுவும் பாதியாகிவிடுகிறது. ஆக இரண்டும் சமபலம். எது குறையும் என்பது எண்ணுக்கு எண் மாறும்.

1000-ஐ மூன்றால் வகுத்து, வந்த ஈவை மறுபடி மூன்றால் வகுத்துக்கொண்டே போனால் 333+111+37+12+4+1 = 498. இது நீங்கள் கண்டதுதான். அதையே இரண்டால் செய்தால் 500+250+125+62+31+15+7+3+1 = 994; ஜோடிகள் 497. கடைசி 3-க்கு ஜோடி கிடைக்கவில்லை. இரண்டு எண்ணிக்கையில் சிறியதே விடை.

ஆனால் 1024-ஐ எடுங்கள். இரண்டுகள் 1023, ஜோடிகள் 511; மூன்றுகள் 508 மட்டுமே. இங்கே மூன்றுதான் பற்றாக்குறை. இந்த மாற்றத்துக்குக் காரணம் லெஜாந்தரின் சூத்திரத்தில் தெரிகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. n!-இல் உள்ள இரண்டுகள், n-இலிருந்து அதன் ஈரடிமான இலக்கக் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருபவை. மூன்றுகளுக்கு மூவடிமானக் கூட்டுத்தொகையைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 1000 ஈரடிமானத்தில் 1111101000, கூட்டினால் 6. மூவடிமானத்தில் 1101001, கூட்டினால் 4. 2-இன் பக்கம் அதிகம் கழிகிறது, அதனால் அது தோற்கிறது. 1024-க்கு இந்தக் கூட்டுத்தொகைகள் 1, 8, நிலைமை தலைகீழ். உங்கள் 100-க்கு 3, 4. இரண்டுகள் 97, அதில் 48 ஜோடி போக ஒன்று தனியே நிற்கிறது, மூன்றுகளும் 48. அதனால்தான் பிழை வெளியே தெரியவில்லை.

மாணவர்கள் இன்னொரு இடத்திலும் வழுக்குவார்கள். ஜோடிதானே என்று 4, 16, 64 என வகுத்துப் போனால் 1000-க்கு 330 தான் வரும். 2, 6, 10 போன்ற எண்கள் தரும் ஒற்றை இரண்டுகள் விட்டுப்போகும். இரண்டுகளை முழுக்க எண்ணி முடித்த பிறகே பாதியாக்க வேண்டும்.

வகுப்பில் சோதிக்க 8!, 9! இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். 8!-இல் மூன்று ஜோடி, ஆனால் இரண்டே மூன்றுகள், விடை 2. 9!-இல் மூன்றுகள் 4 ஆகிவிடும், ஜோடிகள் அதே 3, விடை 3. கையாலேயே சரிபார்க்கலாம்: 362880 = 1728 × 210, அந்த 210 பன்னிரண்டால் வகுபடாது. ஒரு காரணியை மட்டும் எண்ணுகிறவர் இந்த இரண்டில் ஒன்றில் கட்டாயம் மாட்டிக்கொள்வார்.