இஞ்சி டீ ஒத்துக்கொள்கிறது, சுக்குக் காபி மட்டும் ஏன் எரிகிறது?

"டாக்டர், தினமும் இஞ்சி தட்டிப் போட்டு டீ குடிக்கிறேன், ஒன்றும் செய்வதில்லை. சளிக்காகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் சுக்குப் பொடி போட்டுக் காபி குடித்தால் நெஞ்சு எரிகிறது. இரண்டும் ஒரே இஞ்சிதானே?" – வாசகி, பெரம்பூர்

செடி ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு கொஞ்சம் மாறிவிடுகிறது.

பச்சை இஞ்சியின் காரத்துக்கு முக்கியக் காரணம் ஜிஞ்செரால். இஞ்சி உலரும்போதும் சூடேறும்போதும் ஜிஞ்செராலின் ஒரு பகுதி தன்னிடமிருந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிவிடும். ஷோகாலின் காரம் ஜிஞ்செராலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுக்கில் எல்லாமே ஷோகால் ஆகிவிடுவதில்லை, ஜிஞ்செராலும் நிறையவே மிஞ்சியிருக்கும். ஆனால் சுக்கை வாணலியில் வறுத்துப் பொடித்தாலோ, டப்பாவில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலோ ஷோகாலின் பங்கு கூடிக்கொண்டே போகும். பழைய சுக்கில் வாசனை போய்விட்டாலும் தொண்டையில் காரம் மட்டும் நிற்கிறதே, அது இதனால்தான்: வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், ஷோகால் அப்படிப் போகாது.

டீயில் கொதிக்கும் இஞ்சிக்கும் சூடு படுகிறதே என்பீர்கள். படுகிறது, ஆனால் தண்ணீரில், சில நிமிடம்தான், அதில் மாறுவது கொஞ்சமே.

அப்புறம் அளவு. உங்கள் விஷயத்தில் இதுதான் பெரிய காரணம் என்பேன். பச்சை இஞ்சியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு டீஸ்பூன் சுக்குப் பொடி சுமார் 2 கிராம் இருக்கும், அதைப் பச்சை இஞ்சியாகக் கணக்குப் போட்டால் 10 கிராமையும் தாண்டும். டீயில் நீங்கள் போடுவது ஒரு சின்னத் துண்டு, அதன் சக்கையையும் வடிகட்டி எறிந்துவிடுகிறீர்கள். சுக்குக் காபியில் பொடியோடு குடிக்கிறீர்கள், அதுவும் வெறும் வயிற்றில். எரியாமல் என்ன செய்யும்?

அதற்காகச் சுக்கை விட்டுவிட வேண்டாம். கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சியை வைத்து நடந்த ஆய்வுகளில் பலவும் காய்ந்த பொடியைத்தான், பெரும்பாலும் நாளுக்கு 1 கிராம் அளவில், பிரித்துப் பிரித்துக் கொடுத்தன. நீங்களும் கால் டீஸ்பூனில் தொடங்குங்கள், சாப்பிட்ட பிறகு குடியுங்கள், ஒரு கொதி விட்டு மண்டியைத் தெளிய விட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். அப்படியும் எரிந்தால் சுக்கு உங்களுக்குச் சரிப்படாது, இஞ்சி டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் தினசரி சுக்கு வேண்டாம், முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சுக்கை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் எரிச்சல் தொடர்ந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ நேரில் வந்து காட்டுங்கள். நெஞ்சு எரிச்சலோடு வியர்வை, கை வலி, மூச்சுத்திணறல் வந்தால் சுக்கு மேல் பழி போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.