உதட்டுக் கொப்புளத்துடன் பச்சைப் பிள்ளையைத் தூக்கலாமா?

*"களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். வயல் வெட்டு நாட்களில் வெயிலில் நின்று, பிறகு காய்ச்சலும் வந்து போனது. செவ்வாய்க்கிழமை கீழ் உதட்டோரத்தில் குறுகுறுப்பாக எரிந்தது. இன்று புதன், அதே இடத்தில் சிறு சிறு கொப்புளங்கள். வீட்டில் வாய்ப்புண் களிம்பு இருக்கிறது, பூசலாமா? ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனுக்கு 31ஆம் நாள். போய்த் தூக்கலாமா?"*

தங்கச்சி, முதலில் அந்தக் களிம்பை எடுத்து வையுங்கள். வாய்ப்புண்ணுக்கென்று பாமசிகளில் நாங்கள் கொடுக்கும் களிம்புகள் சிலவற்றில் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீரொயிட் இருக்கும். அது அந்த இடத்தில் உடலின் எதிர்ப்பை அடக்கி வீக்கத்தைத் தணிக்கும். சாதாரண வாய்ப்புண்ணில் கிருமி இல்லை என்பதால் அங்கே அது நன்மை செய்யும். உங்களுக்கு வந்திருப்பதில் ஒரு வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பை அடக்கினால் அதற்குத்தான் வசதி.

பார்க்காமல் எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். வாய்ப்புண் வாய்க்குள்ளே, கன்னத்தின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம், நாக்கின் அடி போன்ற மென்மையான இடங்களில் வரும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ குழிந்து, சுற்றிலும் சிவந்திருக்கும். கொப்புளமாகத் தொடங்காது, யாருக்கும் தொற்றாது. நீங்கள் சொல்வது வெளியே, உதடும் தோலும் சேரும் கோட்டில். முதலில் எரிவு, பிறகு கூட்டமாக நீர்க்கொப்புளங்கள். இந்த வரிசை ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதலாம் வகைக்கு உரியது. பெயரைக் கேட்டு வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலானோருக்குச் சிறுவயதில் யாரோ கொஞ்சியபோதே இது உள்ளே போயிருக்கும். அதன்பின் முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்திருந்து, வெயில், காய்ச்சல், களைப்பு, மாதவிடாய் போன்ற வேளைகளில் நரம்பு வழியே மீண்டும் உதட்டுக்கு இறங்கும். உங்களுக்கு வெயிலும் காய்ச்சலும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

மருந்து பற்றி அதிகம் எதிர்பார்க்க வைக்க மாட்டேன். அசைக்ளோவிர் 5% கிரீமை நாளைக்கு ஐந்து தடவை பூசினால் அரை நாளோ ஒரு நாளோ முன்னதாக ஆறும், அதுவும் குறுகுறுப்பின்போதே தொடங்கினால். கொப்புளம் எழுந்த பிறகு பலன் குறைவு. ஆனாலும் இன்றே தொடங்கலாம். மாத்திரை வேண்டுமென்றால் வைத்தியரிடம் கேளுங்கள். வலசைக்ளோவிரை ஒரே நாளில் இரண்டு வேளை எடுக்கும் முறை ஒன்று உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருப்பதால் அதைச் சொந்தமாக வாங்க வேண்டாம். அன்டிபயோட்டிக் இதற்கு உதவாது. பற்பசை பூசுவதையும் பார்த்திருக்கிறேன், எரிவுதான் மிச்சம்.

இனி பிள்ளையின் விடயம். கணக்குப் பாருங்கள்: வியாழன், வெள்ளியில் கொப்புளம் உடைந்து நீர் கசியும். தொற்று மிகக் கூடிய நேரம் அதுதான். ஞாயிறு ஏறக்குறையப் பொருக்குக் கட்டியிருக்கும், ஆனால் பொருக்கு விழுந்து தோல் மூடும்வரை, அதாவது இன்னும் நான்கைந்து நாட்களுக்கு, தொற்று நீங்கியதாகக் கொள்ள முடியாது. பெரியவர்களுக்கு இது ஒரு வாரத் தொந்தரவு. முதல் ஆறு வாரத்துப் பிள்ளைக்கு அப்படியல்ல. வைரஸ் மூளைக்கும் ஈரலுக்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடும். அபூர்வமாகவே நடக்கும், ஆனால் நடந்தால் மிகக் கொடியது. நம் ஊரில் துடக்குக் கழிவுக்கு வரும் சொந்தமெல்லாம் பிள்ளையைக் கொஞ்சுவது அந்த ஆறு வாரத்துக்குள் விழுவதுதான் எனக்குக் கவலை.

ஆகவே போங்கள், ஆனால் தூக்காதீர்கள், கொஞ்சாதீர்கள். அக்காவிடம் காரணத்தை முன்னரே தொலைபேசியில் சொல்லிவிட்டால் அங்கே மனவருத்தம் வராது. கொப்புளத்தைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள்; கருவிழியில் தொற்றினால் பார்வைக்கே கேடு. கோப்பை, துவாய் தனியாக இருக்கட்டும். உதட்டில் புண் உள்ள பெரியம்மா, மாமி யாராவது வந்தால் அவர்களுக்கும் இதே விதிதான்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், வழமைக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினால், காய்ச்சல் அடித்தால், உடம்பில் கொப்புளம் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். உதட்டுப் புண் உள்ள ஒருவர் பிள்ளையைக் கொஞ்சியிருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. அந்த ஒரு தகவல் கிடைத்தால் அசைக்ளோவிர் ஊசியைப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் தொடங்குவார்கள்.