மானியக் கடிதத்தில் ‘வழங்கப்படுகிறது’ என்று எழுதும் முன்

கேள்வி: எங்கள் அலுவலகத்திலிருந்து மானியம் தொடர்பாக ஒரு கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் போக வேண்டும். ஆங்கில வரைவு தயார். சாங்ஷன், ரிலீஸ், அப்ரூவல் இதற்கெல்லாம் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? இரண்டும் பொருந்துகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் பல வருடம் வரைவு எழுதும் இருக்கையில் இருந்தவன் நான். உங்களுடையதைப் போன்ற ஒரு மானியக் கடிதத்தில்தான் என் பெரிய தவறும் நடந்தது. அதிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு சங்கத்துக்கு ரூ.4,80,000 மானியம். இரண்டு தவணை. முதல் தவணை ரூ.2,40,000 உடனே, மீதி, முதல் தவணைக்கான கணக்கு வந்த பிறகு. ஆங்கில வடிவத்தில் முழுத் தொகைக்கு ‘சாங்ஷன்’, முதல் தவணைக்கு ‘ரிலீஸ்’ என்று தெளிவாக இருந்தது. தமிழில் நான் இரண்டு இடத்திலும் ‘வழங்கப்படுகிறது’ என்று எழுதிவிட்டேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. மேலே போய்க் கையெழுத்தாகியும் வந்துவிட்டது. சங்கத்தின் பொருளாளர் தமிழ்க் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு, ‘ரூ.4,80,000 மானியம் வழங்கப்படுகிறது’ என்ற முதல் பத்தியை நம்பி, முழுத் தொகைக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார். பாதிப் பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு அவர் நேரில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதியது அப்படித்தான் சொன்னது.

‘வழங்குதல்’ ரொம்பத் தாராளமான சொல். பணம் ஒதுக்குவதும் வழங்குதல், பணத்தைக் கையில் கொடுப்பதும் வழங்குதல், சான்றிதழ் தருவதும் வழங்குதல்தான். தமிழ் மட்டும் போகும் கடிதத்தில் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். பக்கத்தில் ஆங்கில வடிவமும் இருக்கும்போது, அங்கே இரண்டு வினையாக இருப்பது இங்கே ஒன்றாகிவிட்டால் கடிதமே இரண்டாகிவிடுகிறது.

சாங்ஷனுக்கு ஆட்சித் தமிழில் ‘ஒப்பளிப்பு’ என்ற சொல் இருக்கிறது. நிர்வாக ஒப்பளிப்பு, நிதி ஒப்பளிப்பு என்று கோப்புகளில் பார்த்திருப்பீர்கள். ரிலீஸுக்கு ‘விடுவித்தல்’. எனவே இப்படி வரும்: ‘ரூ.4,80,000 (ரூபாய் நான்கு இலட்சத்து எண்பதாயிரம் மட்டும்) மானியம் ஒப்பளித்து ஆணையிடப்படுகிறது. இதில் முதல் தவணையாக ரூ.2,40,000 இப்போது விடுவிக்கப்படுகிறது.’ ‘ஒப்பளிப்பு’ பொதுமக்களுக்குப் பழக்கமில்லாத சொல்தான். அந்தக் கவலை நியாயமானது. அதற்காக அதை எடுத்துவிட்டு ‘வழங்க’லுக்குப் போகாதீர்கள். அடுத்து ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: ‘மீதமுள்ள ரூ.2,40,000 முதல் தவணைக்கான பயனீட்டுச் சான்றிதழ் ஏற்கப்பட்ட பின்னரே விடுவிக்கப்படும்.’ சொல் தெரியாதவருக்கும் பணம் எப்போது வரும் என்பது புரிந்துவிடும். அதே வாக்கியத்தை ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். தமிழுக்காகச் சேர்த்த விளக்கம் ஆங்கிலத்தில் இல்லாமல் போவதும் ஒரு பொருத்தமின்மைதான்.

அப்புறம் அப்ரூவல். இதோடு பெர்மிஷன், கன்கரன்ஸ் இரண்டும் சேர்ந்து குழப்பும். நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. மேலதிகாரி ஒரு திட்டத்தையோ பட்டியலையோ பார்த்துச் சரி என்றால் ஒப்புதல். ஒரு செயலைச் செய்ய விடுவது அனுமதி. வேறொரு துறை தன் பங்குக்கு உடன்படுவது இசைவு. அரசாணைகளின் கடைசியில் ‘நிதித்துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது’ என்று வருகிறதே, அது. நடைமுறையில் ‘நிர்வாக ஒப்பளிப்பு’ என்பதையே ‘நிர்வாக அனுமதி’ என்று எழுதும் துறைகளும் உண்டு. உங்கள் கடிதத்தின் ‘பார்வை’யில் காட்டப்போகும் அரசாணையில் எந்தச் சொல் இருக்கிறதோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ரசனைக்கு ஒத்துவராவிட்டாலும் சரி. பெறுநர் அந்த ஆணையையும் உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார். மூல ஆணையில் சொல் கிடைக்கவில்லை என்றால் தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதியைப் பாருங்கள். பழைய கோப்பை அதற்கும் பிறகுதான் பார்க்க வேண்டும். பழைய கோப்பில் இருப்பது முன்பு யாரோ அவசரத்தில் போட்ட சொல்லாகவும் இருக்கலாம்.

ஒரு சொல்லை ஒருமுறை தேர்ந்தெடுத்த பிறகு கடைசிவரை மாற்றக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று கற்றுக்கொண்டோம். இங்கே திரும்ப வரத்தான் வேண்டும். முதல் பத்தியில் ‘சங்கம்’, மூன்றாவதில் ‘அமைப்பு’, ஐந்தாவதில் ‘நிறுவனம்’ என்று போனால், மூன்றும் ஒன்றுதானா என்று தணிக்கையில் கேட்பார்கள்.

அடுத்தது காலக்கெடு. சொற்களைவிட இதில்தான் அதிகம் வழுக்கும். ‘ஆன் ஆர் பிஃபோர் 31 மார்ச்’ என்பதை ‘31.03.2025-க்கு முன்’ என்று எழுதினால் ஒரு நாள் போய்விடுகிறது. 31ஆம் தேதியே செலவிட்டவர் தமிழ்க் கடிதப்படி தாமதித்தவர் ஆகிறார். ‘31.03.2025 அன்றோ அதற்கு முன்னரோ’ என்று எழுதுங்கள். ‘31.03.2025-க்குள்’ என்றாலும் வழக்கில் அந்த நாளையும் சேர்த்தே கொள்கிறோம். ஆனால் நிதியாண்டு முடியும் நாளில் எனக்கு நீளமான வடிவம்தான் நிம்மதி.

‘இருந்து’ இன்னும் நுட்பமானது. ‘திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வா’ என்றால் திங்களன்றே வர வேண்டும். அதாவது தொடங்கும் நாளும் கணக்கில் சேரும். ஆங்கிலச் சட்ட நடையில் ‘ஃப்ரம்’ என்றால் முதல் நாள் விலக்கப்படும்; மத்தியச் சட்டங்களுக்கு 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆக, சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தும் இரண்டு வடிவங்களில் எண்ணிக்கை ஒரு நாள் மாறலாம். இதில் ‘நாள்’ என்பது தேதியையும் குறிக்கும், 24 மணி நேரத்தையும் குறிக்கும். ‘கடித நாளிலிருந்து 30 நாட்களுக்குள்’ என்றால் கடிதத்தில் இட்ட தேதியிலிருந்தா, கடிதம் கைக்கு வந்ததிலிருந்தா என்று ஒருவர் கேட்பார். ‘இக்கடிதம் பெறப்பட்ட நாளுக்கு அடுத்த நாள் தொடங்கி 30 நாட்களுக்குள்’ என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. கெடு உறுதியான ஒரு தேதியாக இருக்க முடியுமென்றால் நாள் எண்ணிக்கையே வேண்டாம், தேதியையே போடுங்கள்.

வினைமுடிவில் இருக்கும் அழுத்தத்தையும் பாருங்கள். ‘ஷேல்’ வரும் இடத்தில் ‘வேண்டும்’. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடித்தால் அது வேண்டுகோளாகத் தளர்ந்துவிடும். செலவிடாத தொகையைத் திருப்பித் தரும் கடமையை அப்படி எழுதவே கூடாது. ‘திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்’ என்றால் யார் செலுத்துவது? ஆங்கிலத்திலும் அந்த வாக்கியத்தில் ஆள் இல்லாமல் இருக்கலாம். அப்போது தமிழை எழுதும் சாக்கில் ஆங்கிலத்தையும் திருத்துங்கள்: ‘செலவிடப்படாத தொகையைச் சங்கம் திருப்பிச் செலுத்த வேண்டும்.’ ‘மே’ இன்னொரு தொல்லை. ‘காலக்கெடு நீட்டிக்கப்படலாம்’ என்பதை நீட்டித்தாலும் நீட்டிப்பார்கள் என்ற ஆறுதலாகப் படிப்பார்கள். ‘காலக்கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் இயக்குநருக்கு உண்டு’ என்றால் அது அதிகாரம் என்பதும், யாருடையது என்பதும் தெரியும்.

இப்போது சரிபார்ப்பு. இரண்டு வடிவங்களிலும் பத்திகளுக்கு ஒரே எண் கொடுங்கள். மூன்றாம் பத்தி இரண்டிலும் மூன்றாம் பத்தியாகவே இருக்கட்டும். பத்திக்குள் வாக்கிய வரிசை மாறினால் பரவாயில்லை. தமிழில் நிபந்தனை முன்னால் வந்து ஆணை கடைசியில் வருவதுதான் இயல்பு. ‘உட்பட்டு’ என்பதைக் கொண்டுபோய் வாக்கியத்தின் வாலில் ஒட்டவைக்க வேண்டாம். பிறகு ஆங்கில வடிவத்தைப் பார்க்காத சகப் பணியாளர் ஒருவரிடம் தமிழைக் கொடுத்து, யார், என்ன, எவ்வளவு, எந்த நாளுக்குள், செய்யாவிட்டால் என்ன என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை மட்டும் படித்த இன்னொருவரிடமும் அதையே கேளுங்கள். இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் அந்தப் பொருளாளர் வந்துபோன மறுநாள் இதைத் தொடங்கிவைத்தார். அன்று இது நடந்திருந்தால் முதல் வரியிலேயே தொகை மாறியிருப்பது தெரிந்திருக்கும். இருமொழி தெரிந்த ஒருவரே இரண்டையும் ஒப்பிட்டால் இது பிடிபடாது. ஆங்கிலத்தில் படித்ததை அவர் மனம் தமிழிலும் இருப்பதாகவே நிரப்பிக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான்.

கடைசியாக, எந்த வடிவம் செல்லும் என்பது. சட்டங்களுக்கு அரசமைப்பில் 348ஆம் பிரிவு இருக்கிறது. மாநிலச் சட்டம் வேறு மொழியில் இயற்றப்பட்டாலும் ஆளுநரின் அதிகாரத்தில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வ வாசகம். உங்களுடையது சட்டம் அல்ல, கடிதம். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் என்பதால் நான் தமிழை மூலமாக வைத்து, ‘இரு வடிவங்களுக்கும் வேறுபாடு எழுமாயின் தமிழ் வடிவமே செல்லும்’ என்று இரண்டிலும் எழுதுவேன். மூல ஆணை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தால் அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும் அந்த வரி இரண்டு வடிவங்களிலும் ஒன்றையே சொல்ல வேண்டும். தமிழில் தமிழே செல்லும் என்றும், ஆங்கிலத்தில் ஆங்கிலமே செல்லும் என்றும் எழுதப்பட்ட ஒரு கடிதத்தை நான் கையில் வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் ஒரே ந.க. எண், ஒரே நாள், ஒரே அலுவலரின் கையெழுத்து.