ஒரே பில்லுக்குக் கொஞ்சம் ரொக்கம், மீதி ஜிபே என்று கொடுத்தால் கணக்கில் எப்படி எழுதுவது? ராத்திரி கல்லா எண்ணினால் இடிக்கிறது.

சின்னக் கடை, கல்லாவில் சம்பளத்துக்கு ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்த ஆளிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பாலக்காட்டில் ஒரு துணிக்கடையில் நான்கு வருடம் கல்லாவில் இருந்தேன். ஓணம் சமயத்தில் ஒரு நாள் ராத்திரி 1,850 ரூபாய் குறைந்தது. மூன்று தடவை எண்ணினோம், குறைந்தது குறைந்ததுதான். சம்பளத்தில் பிடித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த ஒரு வாரம் வேலை முடிந்து கிளம்பும்போது என் பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னார்கள். மாதக் கடைசியில் பேங்க் கணக்கைச் சரிபார்த்தபோது, அதே நாளில் கார்டு மெஷினில் சரியாக 1,850 கூடுதலாக வந்திருந்தது. ஒரு அம்மா பாதியைக் கார்டில் தேய்த்து மீதியைக் காசாகக் கொடுத்த பில். அவசரத்தில் நான் மொத்தத்தையும் ரொக்கம் என்று போட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் எங்கேயும் போகவில்லை. பிடித்த பணம் திரும்பி வரவும் இல்லை.

அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இப்போது கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பலசரக்குக் கடையின் கணக்கு என் கையில். இந்தப் பக்கம் கேரளா என்றாலும் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழ் பேசுகிறவர்கள்தான், பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் வருவார்கள். மாதச் சாமான் வாங்கும்போது போனில் இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பது இங்கே தினமும் நடக்கிறது.

எழுதும் முறை இதுதான். பில் ஒன்றுதான், ஆனால் பணம் வந்த வழி இரண்டு வரி. கம்ப்யூட்டர் பில் என்றால் பணம் வாங்கும் திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் வாங்குவதற்குப் பெரும்பாலும் இடம் இருக்கும், பில் போடும் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டு என்றால் பில் எண், பில் தொகை, ரொக்கம், போன், கார்டு, கடன் என்று கட்டம் போடுங்கள். கடைசி நான்கு கட்டத்தின் கூட்டல் பில் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். பில் போட்ட கையோடு அந்த வரியைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள், ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

உதாரணத்துக்கு 1,248 ரூபாய் பில். 700 ஜிபேயில் வருகிறது. மீதி 548க்கு அவர் ஒரு ஐந்நூறும் ஒரு நூறும் நீட்டுகிறார், 52 ரூபாய் சில்லறை கொடுக்கிறீர்கள். ரொக்கக் கட்டத்தில் எழுத வேண்டியது 548, அவர் நீட்டிய 600 அல்ல. கடையில் தங்குகிற பணம்தான் கணக்கு. 600 என்று எழுதினால் வரியின் கூட்டல் 1,300 ஆகிவிடும், அங்கேயே பிடித்துவிடலாம்.

எப்போதும் போன் அல்லது கார்டு பணத்தை முதலில் வாங்குங்கள், ரொக்கம் அப்புறம். சில்லறை திருப்பிக் கொடுப்பது ரொக்கத்திலிருந்து மட்டும்தான். அதோடு, போனில் 700 போகவில்லை, 500தான் இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். ரொக்கத்தை முதலில் வாங்கிச் சில்லறையும் கொடுத்து முடித்திருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டி வரும். கடையில் வைத்திருக்கும் ஜிபே பெட்டி சத்தமாகத் தொகையைச் சொன்ன பிறகு, அல்லது உங்கள் போனில் வந்துவிட்டது என்று பார்த்த பிறகு, எழுதுங்கள். அவருடைய போனில் சுற்றிக்கொண்டிருக்கும் திரையைப் பார்த்து எழுத வேண்டாம்.

இரண்டு பில்லாகப் போட்டுவிட்டால் முடிந்ததே என்று யாராவது சொல்வார்கள். எங்கள் மாமாவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தச் சாமானை எந்தப் பில்லில் போடுவீர்கள்? 700க்குச் சரியாகச் சாமான் பிரியாது. அடுத்த நாள் அவர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் எந்தப் பில் என்று தேட வேண்டும். வரி விற்ற பொருளுக்குத்தான், பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு இல்லை. ஒரு வியாபாரம், ஒரு பில்.

இனி கல்லா எண்ணுவது. போன மாதம் எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன். அன்றைக்குக் கல்லாவில் இருந்தது வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண். காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் போட்டது 2,000. அன்றைய பில்களில் ரொக்கக் கட்டம் மொத்தம் 18,460. பழைய கடன் ரொக்கமாக வந்தது 1,500. பிஸ்கட் வண்டிக்காரருக்கும் டீக்கும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது 2,460. முதல் மூன்றையும் கூட்டி, எடுத்துக் கொடுத்ததைக் கழித்தால் 19,500 இருக்க வேண்டும்.

எண்ணினால் 18,800. ஐந்நூறு 26, இருநூறு 9, நூறு 28, அப்புறம் சின்ன நோட்டும் காசும். 700 குறைவு.

அந்தப் பெண் நோட்டுக் கட்டுகளைப் பார்த்தபடியே நின்றாள். "அக்கா, நான் எடுக்கலீங்க" என்றாள். யாரும் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். மாமா ஒன்றும் பேசவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. எனக்குப் பாலக்காட்டுக் கடை வாசல் ஞாபகம் வந்துவிட்டது.

"மாமா, கொஞ்சம் இருங்க, போன் கணக்கைப் பார்த்துடறேன்" என்று உட்கார்ந்தேன். பில்களில் போன் கட்டத்தின் மொத்தம் 11,350. கடைப் போனில் அன்றைக்கு உண்மையில் வந்திருந்தது 12,050. அங்கே 700 அதிகம்.

இந்தப் பதிலில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். ரொக்கத்தில் எவ்வளவு குறைகிறதோ அதே அளவு போனிலோ கார்டிலோ கூடியிருந்தால், பெரும்பாலும் பணம் தொலையவில்லை, தப்பான கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பணம் உண்மையிலேயே போயிருந்தால் ரொக்கம் மட்டும் குறையும், மறுபக்கம் சரியாக நிற்கும். ஆகவே கல்லாவை மட்டும் எண்ணிவிட்டு யாரையும் பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு பேசுங்கள்.

அப்புறம் கடைப் போனில் 700 ரூபாய் வரவுகளைத் தேடினேன். இரண்டு இருந்தன. ஒன்று 700 ரூபாய்க்கே போட்ட பில், அது போன் கட்டத்தில் சரியாக இருந்தது. இன்னொன்று மாலை 6.40க்கு வந்தது. அந்த நேரத்துப் பில்லைப் புரட்டினால் 1,248 ரூபாய், முழுக்க ரொக்கம் என்று இருந்தது. 548, 700 என்று திருத்தினோம். ரொக்கக் கட்டம் 17,760 ஆனது, கல்லாவில் இருக்க வேண்டியது 18,800 ஆனது. எண்ணியதும் அதுதான்.

வித்தியாசம் எப்போதும் இப்படி முழுத் தொகையாக வராது. அதே பில்லில் அவள் 700ஐ ரொக்கத்திலும் 548ஐப் போனிலும் மாற்றி எழுதியிருந்தால், ரொக்கம் 152 குறையும், போன் 152 கூடும். 152 ரூபாய்க்கு எந்த வரவும் இருக்காது, தேடித்தேடிச் சலித்துப் போவீர்கள். அப்போது இரண்டு வழியில் பணம் வந்த பில்களை மட்டும் எடுத்து, எதில் இரண்டு பாகத்துக்கும் நடுவில் 152 வித்தியாசம் இருக்கிறது என்று பாருங்கள்.

ரொக்கம் மட்டும் குறைந்தால் உடனே திருட்டு என்று நான் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சில்லறை அதிகமாகக் கொடுத்திருக்கலாம், வண்டிக்காரருக்குக் கொடுத்ததை எழுத மறந்திருக்கலாம். வாடிக்கையாளர் கடை எண்ணுக்கு அனுப்பாமல் உங்கள் வீட்டுக்காரர் சொந்த எண்ணுக்கு அனுப்பியிருக்கலாம். அது கடைப் போன் கணக்கில் வராது, நீங்கள் கேட்டால்தான் தெரியும். எங்கள் வீட்டில் இதற்காகவே சொந்த எண்ணைக் கடையில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம்.

கார்டு வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று. பேங்கில் விழுகிற தொகையோடு ஒப்பிடாதீர்கள். பெரும்பாலும் மெஷினுக்கான கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் போடுவார்கள், அதுவும் பல சமயம் அடுத்த நாள்தான் வரும். மெஷின் தருகிற அன்றைய மொத்தச் சீட்டோடு ஒப்பிடுங்கள். கமிஷனைத் தனியாகச் செலவில் எழுதுங்கள். போன் கணக்கு நள்ளிரவுக்கு நள்ளிரவு ஓடும் என்பதால், கல்லா எண்ணி முடித்த பிறகு கடைசியாக ஒருவர் வந்து சோப்பு வாங்கி ஜிபே செய்தால், அதற்கு அன்றைய தேதியிலேயே பில் போடுங்கள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு நாளும் இடிக்கும்.

சில்லறை பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து ரூபாய் காசை எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லை தாண்டி வருகிறவர்களில் பலர் மீதிச் சில்லறையில் அதைக் கொடுத்தால் "இது எங்க ஊர்ல செல்லாதுங்க" என்று திருப்பித் தள்ளுகிறார்கள். 14 வடிவத்தில் வந்த பத்து ரூபாய் காசும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. சொன்னாலும் கேட்பதில்லை. காசு கல்லாவிலேயே குவிகிறது, பத்து ரூபாய் நோட்டு தீர்ந்துபோகிறது, "இரண்டு ரூபாய் அப்புறம் தாங்க" என்று விட்டுவிட்டு வாய்க்கணக்காக ஓடுகிறது. அந்த இரண்டும் ஐந்தும்தான் கல்லாவில் தினமும் சின்னச் சின்னதாக இடிக்கும். உங்களுக்குக் குறைவது பத்து, இருபது ரூபாய் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

திருப்பிக் கொண்டுவரும் சாமானுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம்: எந்த வழியில் வந்ததோ அந்த வழியில் திருப்பிக் கொடுப்பது. அந்த 1,248 பில்லில் 200 ரூபாய்ச் சாமான் திரும்பினால் ரொக்கப் பாகம் 548 இருப்பதால் ரொக்கமாகவே கொடுக்கலாம். மொத்தமும் திரும்பினால் 548 கையில், 700 போனில். அவசரத்தில் முழுவதையும் காசாகக் கொடுத்துவிட்டால் பரவாயில்லை, ஆனால் கொடுத்தது 1,248 ரொக்கம் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அந்தப் பெண் இன்றும் எங்களிடம்தான் வேலை செய்கிறாள். திருத்திய பில்லின் மேல் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னேன். இப்போது ராத்திரி கல்லாவைத் திறப்பதற்கு முன்னால் மாமா அவளிடம் கேட்பது, "போன்ல எவ்வளவு வந்திருக்குதும்மா?"